74 பேரை அனுப்பினேன், 23 பேருக்குத்தான் மனச்சோர்வு: பி.எச்.க்யூ-9 கட்-ஆஃபை 15 ஆக்கலாமா?

மலையடிவாரம் | திங்கள், இரவு 9.40

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவராக இருக்கிறேன். சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாத்தாளை இரண்டு மாதமாகக் கொடுத்துவருகிறோம். இதுவரை 400 பேர் முடித்திருக்கிறார்கள். 10 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் 74 பேர். அத்தனை பேரையும் மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன். போனவர்கள் 61 பேர். அங்கே உட்கார வைத்துப் பேசிப் பார்த்ததில் 23 பேருக்குத்தான் மனச்சோர்வு நோய் என்று முடிவானது.

அங்குள்ள மூத்த மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, "இப்படி அனுப்பினால் உண்மையான நோயாளியை நான் எப்போது பார்ப்பது?" என்று வருத்தப்பட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 10 என்ற கட்-ஆஃபுக்கு உணர்திறன் 88 விழுக்காடு என்று படித்திருக்கிறேன். 88 என்று சொல்லிவிட்டு, மூன்றில் ஒருவருக்கு மேல் கொஞ்சம்தான் சரியாக வருகிறது என்றால் எங்கே பிழை? எங்கள் தமிழ் மொழிபெயர்ப்பிலா, கேட்கும் முறையிலா? கட்-ஆஃபை 15 ஆக்கிவிடலாமா?

ஆதவன் | திங்கள், இரவு 10.15

பொதுச் சுகாதாரம் முதுநிலை படிக்கிறேன். நீங்கள் சொல்லும் 88 அமெரிக்க ஆய்வில் வந்த எண். கட்-ஆஃப் ஊருக்கு ஊர் மாறும், கடன் வாங்கக் கூடாது. உங்களிடமே 61 பேருடைய மதிப்பெண்ணும் மருத்துவரின் முடிவும் இருக்கிறதே. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் உணர்திறனையும், நோயற்றவர்களில் எத்தனை விழுக்காட்டினரைச் சரியாக விலக்குகிறது என்ற குறித்தன்மையையும் கணக்கிட்டு, இரண்டின் கூட்டுத்தொகை எங்கே உச்சத்தில் நிற்கிறதோ அதையே உங்கள் கட்-ஆஃபாக வைத்துக்கொள்ளுங்கள். யூடன் குறியீடு என்று அதற்குப் பெயர். விரிதாளில் பத்து நிமிட வேலை.

பழைய சிலேட்டு | செவ்வாய், காலை 6.05

டாக்டர், உங்கள் எண்களில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 74, 61, 23 ஆகிய மூன்றும் இந்த வினாத்தாள் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொண்டதைக் காட்டுகின்றன. முப்பது ஆண்டுகள் மனநல மருத்துவனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

88 என்பது எந்தக் கேள்விக்கு விடை என்று முதலில் பாருங்கள். "ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று தெரிந்த நூறு பேரிடம் தாளைக் கொடுத்தால் எத்தனை பேர் 10ஐத் தாண்டுவார்கள்?" என்ற கேள்விக்கு அது விடை. உங்கள் மேசைக்கு முன் இருப்பவர் வேறு ஆள். அவர் 10ஐத் தாண்டிவிட்டார், நோய் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. உங்களுக்கு வேண்டியது, தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் என்ற இரண்டாவது கேள்விக்கு விடை. அதற்குக் கணிப்பு மதிப்பு என்று பெயர். முதல் கேள்வியில் நோயாளிகளை வைத்து வகுக்கிறோம். இரண்டாவதில் தாண்டியவர்களை வைத்து வகுக்கிறோம். வகுக்கும் கூட்டமே வேறு.

உங்கள் 400 பேரையே எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் என்று வைத்தால் 32 பேர். அவர்களில் 88 விழுக்காடு, அதாவது 28 பேர் 10ஐத் தாண்டுவார்கள், 4 பேர் தப்பிப்போவார்கள். மீதி 368 பேருக்கு நோய் இல்லை. 2001ஆம் ஆண்டு குரோன்கேயும் ஸ்பிட்ஸரும் வில்லியம்ஸும் வெளியிட்ட ஆய்வில் 10க்கான குறித்தன்மையும் 88தான். ஆகவே நோயற்றவர்களில் நூற்றுக்கு 12 பேர் வீணாகத் தாண்டுவார்கள். 368இல் அது 44 பேர். மொத்தம் தாண்டியவர்கள் 28ம் 44ம் சேர்த்து 72 பேர், உண்மையான நோயாளிகள் 28 பேர். நூற்றுக்கு 39. உங்களுக்குக் கிடைத்தது 61இல் 23, நூற்றுக்கு 38.

இதே தாளை என்னுடைய பழைய புறநோயாளிப் பிரிவில் கொடுத்திருந்தால் கதை வேறு. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் இருக்கும். 400இல் 200 நோயாளிகள், தாண்டுவது 176. நோயற்ற 200 பேரில் வீணாகத் தாண்டுவது 24. கணிப்பு மதிப்பு 88. மாவட்ட மருத்துவமனை நண்பர் ஆயுள் முழுவதும் பார்த்தது அந்தக் கூட்டத்தை. உங்கள் திண்ணையில் இருக்கும் கூட்டத்தை அவர் பார்த்ததில்லை. அவருடைய வருத்தம் அங்கிருந்து வருகிறது.

தாமரைக்குளம் | செவ்வாய், காலை 8.30

நான் மருத்துவர் அல்ல. படித்ததும் மனம் கொதித்தது. நோய் இருக்கிறவர்களைக் கணக்கில் குறைத்துக் காட்டத்தான் இவ்வளவு பேச்சா? மதிப்பெண்ணை 15 ஆக்கினால் 12 வாங்கியவர் என்ன ஆவார்?

என் அம்மாவுக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் இதே போன்ற தாளில் 11 வந்தது. அன்றே மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதம் தூங்கி வழிந்தார். வேறொரு மருத்துவர் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்த பிறகுதான் தைராய்டு சுரப்புக் குறைவு என்று தெரிந்தது. அதற்கான மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் பழைய அம்மா திரும்பக் கிடைத்தார். ஒரு தாளை நம்பி எப்படி மாத்திரை தருகிறார்கள்?

பழைய சிலேட்டு | செவ்வாய், காலை 9.10

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இங்கே யாரும் நோயாளிகளை மறைக்கப் பார்க்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு நடந்த தவறுதான் நாங்கள் பேசுகிற பொருளே. 11 வந்தால் "உட்கார வைத்துப் பேசு" என்று பொருள். "மருந்து எழுது" என்று யாரோ படித்துவிட்டார்கள். 11 வாங்கியவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு நான் மேலே சொன்ன 39 கூட இல்லை, இன்னும் குறைவு. எப்படி என்று டாக்டருக்கு எழுதும்போது விளக்குகிறேன், நீங்களும் படியுங்கள்.

டாக்டர், 15 ஆக்கலாமா என்று கேட்டீர்கள். அதே 2001 ஆய்வில் 15க்கு உணர்திறன் 68, குறித்தன்மை 95. உங்கள் 32 நோயாளிகளில் 22 பேர் பிடிபடுவார்கள், 10 பேர் தப்புவார்கள். நோயற்ற 368இல் 18 பேர் வீணாக வருவார்கள். மொத்தம் 40 பேர் வருவார்கள், பாதிக்கு மேல் சரியாக இருக்கும். மாவட்ட மருத்துவமனை நண்பர் மகிழ்வார். தப்பிய 4 பேர் 10 பேர் ஆகிவிடுவார்கள், அவர்களை அவர் பார்க்கவே போவதில்லை என்பதால் வருந்தவும் மாட்டார்.

இப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். 10க்கு மேல் 72 பேர், 15க்கு மேல் 40 பேர். இடையில் 10 முதல் 14 வரை நிற்பவர்கள் 32 பேர். நோயாளிகள் 28இல் 22 போக 6. ஆக 32 பேரில் 6 பேருக்கு நோய், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 15க்கு மேல் 40இல் 22. 39 விழுக்காடு என்று நாம் சொன்னது 11 வாங்கியவரையும் 23 வாங்கியவரையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கியதால் வந்த சராசரி.

பொறியியல் கலந்தாய்வுக் கட்-ஆஃப் போல இதை நினைக்கக் கூடாது. அங்கே கோட்டுக்கு மேல் இடம் உண்டு, கீழே இல்லை, அத்தோடு முடிந்தது. இங்கே 9க்கும் 10க்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. எந்த மதிப்பெண்ணில் எந்த வேலையைத் தொடங்குவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வேலை மலிவானதாகவும் தீங்கற்றதாகவும் இருந்தால் கோட்டைக் கீழே வைக்கலாம். நாற்பது கிலோமீட்டர் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு வரச் சொல்வதானால் மேலே வைக்க வேண்டும்.

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் லான்செட்டில் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை கொடுத்த ஆய்வு அது. அவர்கள் பி.எச்.க்யூ-9இல் 14க்கு மேல் வாங்கியவர்களை மட்டுமே சேர்த்தார்கள். பல வாரம் தொடரும் சிகிச்சையைத் தொடங்குவதற்கு அந்தக் கோடு பொருந்தும். பத்து நிமிடம் பேசுவதற்கு 10 போதும். ஒரே நிலையத்தில் இரண்டு கோடுகள் இருக்கலாம்.

மலையடிவாரம் | செவ்வாய், இரவு 10.20

இன்று மாலை பதிவேட்டை எடுத்து வைத்துப் பிரித்துப் பார்த்தேன். 10 முதல் 14 வரை மாவட்ட மருத்துவமனைக்குப் போனவர்கள் 27, நோய் உறுதியானது 4. 15 முதல் 19 வரை 23 பேரில் 9. 20க்கு மேல் 11 பேரில் 10. நீங்கள் கழித்துக் காட்டியது என் பதிவேட்டில் அப்படியே எழுதியிருக்கிறது.

ஆதவன் சொன்னபடியும் கணக்கிட்டேன். 10ஐக் கட்-ஆஃபாக வைத்தால் உணர்திறன் 100 வருகிறது. சந்தேகமாக இருக்கிறது.

பழைய சிலேட்டு | புதன், காலை 5.50

சந்தேகம் சரியானது. 10க்குக் கீழே வாங்கிய 326 பேரில் ஒருவரையாவது மனநல மருத்துவர் பார்த்தாரா? இல்லை. தப்பியவர்களைத் தேடவே இல்லையென்றால் தப்பியவர் எண்ணிக்கை பூஜ்யமாகத்தான் இருக்கும், உணர்திறன் நூறாகத்தான் வரும். வலைக்குள் இருக்கும் மீன்களை மட்டும் எண்ணிவிட்டு ஏரியில் மீன் மிச்சமில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது இது. உங்கள் பதிவேட்டிலிருந்து கணிப்பு மதிப்பைச் சொல்லலாம். உணர்திறனைச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் 10க்குக் கீழே உள்ளவர்களிலும் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய மதிப்பெண் தெரியாத ஒருவர் நேர்காணல் செய்ய வேண்டும்.

ஆதவன் தம்பி, கட்-ஆஃபைக் கடன் வாங்கக் கூடாது என்று நீ சொன்னதில் பாதி உண்மை. ஆனால் சிறிய கூட்டத்தில் சொந்தமாகக் கண்டுபிடிப்பதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. அந்தப் புகழ்பெற்ற 2001 ஆய்வை எடுத்துப் பார். தாள் நிரப்பியவர்கள் 6,000 பேர். நேர்காணல் நடந்தது 580 பேருக்கு. நோய் இருந்தது 41 பேருக்கு. 41இல் 36 பேர் 10ஐத் தாண்டினார்கள் என்பதுதான் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த 88. இரண்டு மூன்று பேர் இப்படி அப்படி மாறியிருந்தால் அது 80 ஆகவோ 95 ஆகவோ இருந்திருக்கும். 23 நோயாளிகளை வைத்து நீ "இந்த ஊரின் கட்-ஆஃப் 13" என்று அறிவித்தால், அடுத்த 23 பேர் வேறு எண்ணைச் சொல்வார்கள்.

யூடன் குறியீட்டைப் பற்றியும் ஒன்று. தப்பிய நோயாளியையும் வீணாக வந்தவரையும் அது ஒரே எடையில் நிறுக்கிறது. அந்த எடை எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டியது மருத்துவரும் ஊரும்தான். சூத்திரம் அதைத் தீர்மானித்துவிட்டதாக நினைத்து நாம் ஒதுங்கிக்கொள்கிறோம்.

ஆதவன் | புதன், காலை 7.30

ஒப்புக்கொள்கிறேன் ஐயா, நேர்காணல் செய்யப்படாதவர்களை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லெவிஸ், தோம்ப்ஸ் முதலியோர் 58 ஆய்வுகளின் 17,000க்கும் மேற்பட்டோர் தரவை ஒன்றுசேர்த்தார்கள். மருத்துவர் தன் அறிவைப் பயன்படுத்திக் கேள்வியை வளைத்துக் கேட்கும் நேர்காணலோடு ஒப்பிட்டபோது 10க்கு உணர்திறன் 88, குறித்தன்மை 85. எழுதியதை எழுதியபடி வாசிக்கும் நேர்காணலோடு ஒப்பிட்டபோது உணர்திறன் 70. தாளும் கட்-ஆஃபும் ஒன்றுதான், ஒப்பிடும் தராசை மாற்றியதும் எண் மாறிவிட்டது. ஆகவே யாராவது "எங்கள் ஊரில் உணர்திறன் இவ்வளவு" என்றால் எதோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

பழைய சிலேட்டு | புதன், காலை 7.45

நன்றாகச் சொன்னாய். நான் சொல்ல மறந்தது அது.

டாக்டர், இன்னொரு கேள்வி. அந்த 23 பேரில் ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்?

வேப்பமரத்தடி | புதன், பிற்பகல் 2.10

நான் வேறு மாவட்டத்தில் செவிலியர். தாளைப் படித்துக் காட்டி மதிப்பெண் போடுகிறவள் நான்தான் என்பதால் எழுதுகிறேன். மருத்துவர்கள் கூட்டிய எண்ணைப் பார்க்கிறீர்கள். அது எப்படி உருவாகிறது என்று நாங்கள் பார்க்கிறோம்.

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள், வரிசையாக 0, 1, 2, 3 மதிப்பெண்: இல்லவே இல்லை, பல நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும். எங்கள் மக்கள் யாரும் இப்படி விடை சொல்வதில்லை. "தூக்கம் வருகிறதா?" என்றால் "எங்கே சிஸ்டர் தூக்கம், அவர் போனதிலிருந்தே இல்லை" என்பார்கள். அவர் இறந்து ஆறு ஆண்டு ஆகியிருக்கும். தாளோ கடந்த இரண்டு வாரத்தை மட்டும் கேட்கிறது. நான் முதல் மாதம் இத்தகைய விடைக்கெல்லாம் 3 போட்டேன். பிறகு எங்கள் மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். இப்போது "போன அமாவாசையிலிருந்து இன்று வரை" என்று நாளைக் குறித்துச் சொல்லி, "பதினான்கு நாளில் ஏழு நாளுக்கு மேலா, குறைவா?" என்று விரலை மடக்கிக் கேட்கிறேன். மதிப்பெண்கள் கண்ணுக்குத் தெரிந்தே இறங்கின.

இடமும் முக்கியம். மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் மாமியார் அருகில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்பதாவது கேள்விக்கு யார் உண்மை சொல்வார்கள்? வாழ்வதைவிடச் செத்துப்போவது மேல் என்று தோன்றுகிறதா என்று கேட்கும் கேள்வி அது. எல்லோரும் பூஜ்யம் சொன்னார்கள். தடுப்பூசி அறைக்கு மாற்றிய பிறகு அப்படி இல்லை.

மலையடிவாரம் | புதன், இரவு 11.30

சிஸ்டர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேராகப் பதிவேட்டில் ஒன்பதாவது கேள்வியை மட்டும் பார்த்தேன். கை நடுங்கியது. பூஜ்யத்துக்கு மேல் சொன்னவர்கள் 9 பேர். 7 பேர் எப்படியும் 10ஐத் தாண்டியிருந்ததால் மாவட்ட மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருடைய மொத்தம் 10க்குக் கீழே. ஒருவருக்கு 6, ஒருவருக்கு 8. கட்-ஆஃபுக்குக் கீழே என்று "இயல்பு" என முத்திரை குத்தி மாத்திரையோடு அனுப்பியிருக்கிறோம். நாளைக் காலை முதல் வேலை அவர்கள்தான்.

ஐயா கேட்டதற்கு: 6 பேர் முன்பே மருந்து சாப்பிடுகிறவர்கள்.

பழைய சிலேட்டு | வியாழன், காலை 5.40

அந்த இருவரையும் முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒன்பதாவது கேள்விக்குக் கட்-ஆஃப் கிடையாது. மொத்தம் 2 ஆக இருந்தாலும் அதில் பூஜ்யத்துக்கு மேல் வந்தால் அன்றே, அந்த அறையிலேயே நேரடியாகக் கேட்க வேண்டும். இறந்துவிடலாம் என்ற எண்ணமா, உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டமா, வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று. கேட்டால் எண்ணம் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416ஐயும் எழுதிக் கையில் கொடுங்கள். 20க்கு மேல் வாங்கியும் மாவட்ட மருத்துவமனைக்குப் போகாதவர் யாரேனும் இருந்தால் அவரையும் இன்றே தேடுங்கள்.

மருந்து சாப்பிடும் 6 பேரைப் பற்றி: அவர்களைக் கண்டுபிடிக்க இந்தத் தாள் தேவையில்லை, ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவர்கள். அவர்களை நீக்கினால் 55 பேரில் 17, நூற்றுக்கு 31. ஸ்கிரீனிங்கினால் புதிதாகக் கிடைத்தது இதுதான். பல ஆய்வுகளே அவர்களைச் சேர்த்துத்தான் எண்ணியிருக்கின்றன, உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடலோரக் கிளினிக் | வியாழன், பிற்பகல் 3.25

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவனாக இருக்கிறேன். எல்லோரும் எந்தக் கோடு என்று பேசுகிறீர்கள். கோடே வேண்டுமா என்று கேட்கிறேன். 400 பேரிடம் ஒன்பது கேள்வி கேட்டு, 74 பேரை அலைய விட்டு, புதிதாகக் கிடைத்தது 17 பேர். அந்த 17 பேரில் பலரை, முகத்தைப் பார்த்து "ஏன் இளைத்துவிட்டீர்கள்?" என்று கேட்கும் மருத்துவர் தாளில்லாமலே கண்டுபிடித்திருப்பார். கனடாவின் தடுப்பு மருத்துவக் குழு 2013இல் எல்லோரிடமும் வழக்கமாக ஸ்கிரீனிங் செய்ய வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தது. அமெரிக்கக் குழு செய்யச் சொல்கிறது, அதுவும் சரியான நோயறிதலும் சிகிச்சையும் தொடர்கவனிப்பும் இருந்தால்தான் பயன் என்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் மனநல மருத்துவர் வரும் ஊரில் அந்த நிபந்தனை நிறைவேறுகிறதா?

பழைய சிலேட்டு | வியாழன், மாலை 6.00

இந்தக் கேள்விக்கு என்னிடம் உறுதியான விடை இல்லை டாக்டர். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது உங்களைப் போல ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பார்ப்பவருக்கு முடியும். நூற்றைம்பது பேரைப் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகமே பார்க்க முடிவதில்லை. சிகிச்சைக்கு வழியில்லாத இடத்தில் ஸ்கிரீனிங் செய்வது தவறு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

சுமையைக் குறைக்க ஒரு வழி உண்டு. முதல் இரண்டு கேள்விகளை மட்டும் எல்லோரிடமும் கேட்பது: எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்றுப்போகிறதா. இரண்டுக்கும் சேர்த்து 2 வந்தால் மட்டும் மீதி ஏழு. 2020இல் வந்த பெரிய தொகுப்பாய்வில், இப்படிச் செய்ததில் முழுத்தாள் தேவைப்பட்டவர் எண்ணிக்கை 57 விழுக்காடு குறைந்தது. 400 பேருக்குப் பதில் ஏறக்குறைய 170 பேர். உணர்திறன் 82 ஆக இறங்கியது. ஆனால் இதில் ஒன்பதாவது கேள்வி பலரிடம் கேட்கப்படாமலே போகும். மலையடிவாரம் டாக்டரின் அந்த இருவரை நினைத்தால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மலையடிவாரம் | சனி, இரவு 8.15

இருவரையும் பார்த்துவிட்டோம். 6 வாங்கியவர் ஒரு பாட்டி, "கடவுள் சீக்கிரம் கூப்பிட்டால் தேவலை" என்று வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாராம். மற்றவரிடம் விஷயம் இருந்தது. கடன். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய் அழைத்துவந்தார், அண்ணனும் கூட வந்தார், நானே மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துப் பேசி அன்றே பார்க்கச் செய்தேன். அதிகம் எழுத விரும்பவில்லை.

20க்கு மேல் வாங்கியும் போகாத ஒருவர் இருந்தார். பஸ் கட்டணமும் கூட வர ஆளும் இல்லாததால்தான் போகவில்லை. திங்கள்கிழமை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அழைத்துப்போகிறார்.

இன்னொன்று. 12 வாங்கிய இருவருடைய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒருவர் 54 வயதுப் பெண். தூக்கம் 3, களைப்பு 3, பசி 2, கவனம் 2, உடல் மந்தம் 1, நாட்டமின்மை 1, மனச்சோர்வு 0. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, ஹீமோகுளோபின் 8.2. இன்னொருவர் 38 வயது ஆண். நாட்டமின்மை 3, மனச்சோர்வு 3, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் 2, தூக்கம் 2, கவனம் 1, ஒன்பதாவது கேள்வி 1. இருவருக்கும் மொத்தம் 12. மாவட்ட மருத்துவமனையில் இவருக்குத்தான் நோய் உறுதியானது. அந்தப் பெண்ணுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் இன்சுலினும் தொடங்கியிருக்கிறோம். உடல் சார்ந்த கேள்விகளை நீக்கிவிட்டுக் கூட்டலாமா?

ஆதவன் | சனி, இரவு 9.00

நீக்கலாம் என்றே நினைக்கிறேன். தூக்கம், களைப்பு, பசி மூன்றிலும் சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிக்கல் இருக்கும்.

பழைய சிலேட்டு | ஞாயிறு, காலை 6.30

நீக்கினால் 10 என்ற கோடு பயனற்றதாகிவிடும். ஒன்பது கேள்விக்கும் சேர்த்து அளந்த கோடு அது. ஆறு கேள்விக்கு எங்கே போடுவது என்று மறுபடியும் அளக்க வேண்டும். மேலும் உண்மையான மனச்சோர்விலும் பலருக்குத் தூக்கமும் பசியும் போகும். நம் மக்கள் பலர் மனம் சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள், உடம்பெல்லாம் அசதி என்றுதான் சொல்வார்கள். அவர்களை இழந்துவிடுவோம். தாளை அப்படியே கூட்டுங்கள். பிறகு நீங்கள் செய்தது போல வரி வரியாகப் படியுங்கள். முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றாவது 2ஐத் தொடவில்லை என்றால், மொத்தம் 12 ஆக இருந்தாலும் இரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் முதலில் பார்ப்பது என் வழக்கம். அந்தப் பெண்ணை இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

தாமரைக்குளம் | ஞாயிறு, காலை 10.05

என் அம்மாவின் தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் 1, 0. களைப்பு 3, உடல் மந்தம் 3. அன்று யாராவது இப்படி வரி வரியாகப் படித்திருந்தால்! முதல் நாள் நான் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியதற்கு மன்னியுங்கள்.

மலையடிவாரம் | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.50

இப்போது இப்படிச் செய்கிறோம். ஒன்பதாவது கேள்வியில் பூஜ்யத்துக்கு மேல் யார் சொன்னாலும், மொத்தம் 20ஐத் தாண்டினாலும் அன்றே நான் பார்க்கிறேன். 15 முதல் 19 வரை நான் பேசிவிட்டு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். 10 முதல் 14 வரை இங்கேயே பத்து நிமிடம் பேச்சு, இரத்தப் பரிசோதனை, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் தாள்.

பழைய பட்டியலில் 10 முதல் 14 வரை இருந்தவர்களில் நோய் உறுதியான 4 பேர் போக மீதி 31 பேர். அவர்களில் 24 பேரை மறுபடியும் கேட்டோம், இந்த முறை தடுப்பூசி அறையில், நாளை விரல் மடக்கி எண்ணி. 13 பேர் 10க்குக் கீழே இறங்கிவிட்டார்கள், 54 வயதுப் பெண் உட்பட, அவருக்கு 5. 9 பேர் அங்கேயே நிற்கிறார்கள். 2 பேர் 15ஐத் தாண்டிவிட்டார்கள். இவர்களை இதற்கு முன் மாவட்ட மருத்துவமனையில் "நோய் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.

கடலோரக் கிளினிக் | வெள்ளி, இரவு 10.30

13 பேர் இறங்கியது உங்கள் பேச்சினாலா, முதல் முறை தவறாகக் கேட்டதாலா, தானாகவே இறங்கியிருக்குமா? எது என்று இந்தக் கணக்கில் பிரிக்க முடியாது. ஆனால் அந்த 2 பேர் என்னைச் சிந்திக்க வைக்கிறார்கள்.

வேப்பமரத்தடி | சனி, காலை 7.15

மீதி 7 பேர் ஏன் வரவில்லை டாக்டர்? எங்கள் ஊரில் வராதவர்களைத் தேடிப் போனபோது பாதிப் பேர் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள். மீதிப் பேர் வீட்டில் படுத்திருந்தார்கள்.

மலையடிவாரம் | சனி, காலை 8.00

இன்று பிற்பகல் போகிறோம் சிஸ்டர்.